மாதம் 600 ஜாப் கார்டு: ஒரு சர்வீஸ் அட்வைசரின் ரெஸ்யூமைப் படிப்பது எப்படி?

சென்னையில் ஒரு கார் டீலர்ஷிப்பின் சர்வீஸ் மேனேஜர் மேசைக்கு ஒரு ரெஸ்யூம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் அட்வைசர் வேலைக்கு விண்ணப்பம். நான்கு ஆண்டு அனுபவம். முதல் பக்கத்தின் நடுவில், தடித்த எழுத்தில், 'மாதம் 600 ஜாப் கார்டு கையாண்டேன்' என்று ஒரு வரி. விண்ணப்பித்தவர் அதைத் தன் பெரிய பலமாக நினைத்து எழுதியிருப்பார். மேனேஜரின் பேனா அந்த வரியில்தான் முதலில் நிற்கும்.

காரணம் எளிய கணக்கு. மாதத்துக்கு 26 வேலை நாள். 600 வண்டியை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 23. காலையில் வரும் ஒவ்வொரு வண்டியையும் சுற்றிப் பார்த்து, வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு, கார்டு திறந்து, எஸ்டிமேட் சொல்லிக் கையெழுத்து வாங்க எப்படிப் பார்த்தாலும் கால் மணி நேரம் வேண்டும். மாலையில் பில்லை விளக்கி வண்டியை ஒப்படைக்கப் பத்து நிமிடம். இந்த இரண்டுக்கு மட்டுமே 23 வண்டிக்கு ஒன்பதரை மணி நேரம் ஓடிவிடும். இடையில் ஃப்ளோருக்குப் போய் வேலை எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், கூடுதல் வேலைக்கு போனில் சம்மதம் கேட்க வேண்டும், ஸ்பேர்ஸ் கவுண்டரில் பார்ட் வந்துவிட்டதா என்று விசாரிக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் எங்கே?

ஒன்று, அந்த எண் மொத்த ஒர்க்‌ஷாப்புக்கும் உரியதாக இருக்கும். இல்லையென்றால், வண்டிகளைப் பார்க்காமலேயே கார்டு திறந்திருப்பார். இரண்டில் எதுவானாலும் விண்ணப்பித்தவருக்கு நல்லதல்ல. நாளுக்குப் பத்து முதல் பதினைந்து வண்டி, அதாவது மாதம் 260-லிருந்து 390 என்று எழுதியிருந்தால் மேனேஜர் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்.

சர்வீஸ் அட்வைசர் ரெஸ்யூமின் தனித்தன்மை இதுதான். அதில் வரும் ஒவ்வொரு எண்ணும் இன்னொரு எண்ணோடு பொருந்த வேண்டும். படிக்கிறவர் அதே நாற்காலியில் பல ஆண்டு உட்கார்ந்துவிட்டு வந்தவர். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டேதான் படிப்பார்.

இந்த வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜாப் கார்டு என்பது ஒரு ரசீது மாதிரித் தெரியும். உண்மையில் அது வாடிக்கையாளருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையே எழுதப்படும் ஒப்பந்தம். பதிவு எண், பதினேழு எழுத்து கொண்ட சேஸிஸ் எண், கிலோமீட்டர், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா, எந்தக் கதவில் கீறல், எந்த பம்பரில் நெளிவு என்று எல்லாம் அதில் ஏறும். அதன்பின் வாடிக்கையாளர் சொல்லும் குறை, உத்தேசச் செலவு, வண்டி கிடைக்கும் நேரம், கடைசியில் அவர் கையெழுத்து. சில கம்பெனிகளில் இதையே ரிப்பேர் ஆர்டர், சுருக்கமாக ஆர்.ஓ. என்பார்கள்.

இதில் அட்வைசரின் திறமை வெளிப்படுவது ஒரே ஒரு கட்டத்தில்: குறையை எழுதும் கட்டம். 'முன்பக்கம் சத்தம்' என்று எழுதி அனுப்பினால் மெக்கானிக் அரை நாள் தேடுவார். 'காலையில் முதல் தடவை எடுக்கும்போது, இடது பக்கம் திருப்பினால், வேகத்தடையில் மட்டும் டக் என்று ஒரு சத்தம். வண்டி சூடான பின் இல்லை' என்று எழுதினால் அவர் நேராக சஸ்பென்ஷனுக்குக் கீழே போய் நிற்பார். இந்த விவரம் வாடிக்கையாளர் வாயிலிருந்து தானாக வராது. சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, ஏசி போட்டாலா போடாவிட்டாலா, எந்த வேகத்தில் என்று கேட்டு வாங்க வேண்டும். தேவைப்பட்டால் அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அதனால்தான் கார் ஓட்டும் லைசென்ஸ் இந்த ரெஸ்யூமில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி. பலர் அதை எழுத மறந்துவிட்டு, அப்பா பெயரையும் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியையும் எழுதுகிறார்கள்.

எண்ணிக்கைக்குத் திரும்புவோம். மொத்த எண் மட்டும் சொன்னால் போதாது. அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். எடுத்துக்காட்டுக்குத் திருச்சியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை வைத்துக்கொள்வோம். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவர், நான்கு ஆண்டு அனுபவம். மாதம் சராசரியாக 280 கார்டு, அதாவது நாளுக்குப் பதினொன்று. அதில் 80 ஃப்ரீ சர்வீஸ், 120 பெய்டு சர்வீஸ், 60 ரன்னிங் ரிப்பேர், மீதி 20 விபத்து வண்டி.

இந்த நான்கும் நான்கு விதமான வேலை. ஃப்ரீ சர்வீஸில் வாடிக்கையாளர் லேபருக்குக் காசு கொடுப்பதில்லை; கம்பெனி டீலருக்குத் திருப்பித் தரும். வண்டி புதிது, குறை குறைவு, பேச்சும் குறைவு. பெய்டு சர்வீஸில்தான் எஸ்டிமேட் பற்றிய கேள்விகள் தொடங்கும். ரன்னிங் ரிப்பேரில் குறையைக் கண்டுபிடிக்கும் அறிவு வேண்டும். விபத்து வண்டியோ முற்றிலும் வேறு உலகம்: இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல், சர்வேயர் வந்து பார்ப்பது, கேஷ்லெஸ் ஒப்புதல், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு தேய்மானம் கழிப்பார்கள் என்று வாடிக்கையாளருக்குப் புரியவைப்பது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் பாதித் தொகையைக் கழித்துவிடுவார்கள், கண்ணாடிக்குக் கழிவு இல்லை என்பதை வண்டியை எடுக்க வரும் நாளில் முதல் தடவையாகக் கேள்விப்படும் வாடிக்கையாளர் கோபப்படத்தான் செய்வார். அதை முதல் நாளே சொல்லிவைப்பது அட்வைசரின் பொறுப்பு.

ஆகவே '280 ஜாப் கார்டு' என்பதைவிட, 'மாதம் சுமார் 280 கார்டு. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஃப்ரீ சர்வீஸ், அறுபது ரன்னிங் ரிப்பேர், இருபது விபத்து வண்டி' என்ற வரி அதிகம் பேசும். வெறும் 180 கார்டு பார்த்தவராக இருந்தாலும் அதில் நூறு ரன்னிங் ரிப்பேர் என்றால், நல்ல மேனேஜர் 300 ஃப்ரீ சர்வீஸ் பார்த்தவரைவிட அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்.

அடுத்து பிராண்டு. மாருதி, ஹூண்டாய், டாடா, டொயோட்டா என்று வரிசையாகக் கமா போட்டு எழுதுவது இங்கே வழக்கம். எங்கே, எத்தனை ஆண்டு என்று காலம் சொல்லாத பட்டியல் படிப்பவருக்கு உதவாது. அதைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். வண்டியின் மூக்கில் இருக்கும் சின்னம் வேறு, பானெட்டுக்குக் கீழே இருக்கும் இன்ஜின் வேறு.

ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் இதற்கு நல்ல உதாரணம். மாருதி ஸ்விஃப்ட் டீசலில் அது டிடிஐஎஸ் என்ற பெயரில் ஓடியது. டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்றார்கள். ஃபியட் புன்டோவில் மல்டிஜெட். இன்ஜினின் அடிப்படை ஒன்றுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆனாலும் அந்த வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. மாருதியில் அந்த டீசலைப் பார்த்துப் பழகியவர் டாடா டீலரிடம் விண்ணப்பித்தால், அதைத் தனியாக ஒரு வரியில் எழுதுவது நியாயம். இன்றைக்கும் அப்படித்தான். டொயோட்டா கிளான்சா என்பது மாருதி பலேனோ. டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் ஒரே குடும்பம். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸும் ஸ்கோடா ஸ்லாவியாவும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன. ஒரு பிராண்டில் பெற்ற அனுபவம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை இந்த உறவுதான் தீர்மானிக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இது ஏட்டறிவு மட்டுமல்ல. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் தொழிற்சாலையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்; டீலர்களிடம் வேலை பார்த்த சர்வீஸ் ஆட்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பழைய வண்டிகளுக்கு சர்வீஸும் ஸ்பேர்ஸும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆனால் புதிய வண்டி விற்காத இடத்தில் ஃப்ரீ சர்வீஸ் வராது, லோடு ஆண்டுக்கு ஆண்டு குறையும். வேறு பிராண்டுக்கு மாற விரும்பிய ஃபோர்டு அட்வைசர்களின் கையில் இருந்த நல்ல சரக்கு என்ன? வாரண்டி முடிந்த, ஐந்தாறு வயதான வண்டிகளில் கிடைத்த ரன்னிங் ரிப்பேர் அனுபவம். 'ஃபோர்டு, ஐந்து ஆண்டு' என்று எழுதினால் அது வெளியே தெரியாது. 'பெரும்பாலும் வாரண்டி முடிந்த எக்கோஸ்போர்ட், ஃபிகோ வண்டிகள். டீசல் ரன்னிங் ரிப்பேர்' என்று எழுதினால் தெரியும்.

டயக்னாஸ்டிக் கருவிகள் விஷயத்தில்தான் ரெஸ்யூம்கள் அதிகம் வழுக்குகின்றன. ஹூண்டாயில் ஜிடிஎஸ், ஹோண்டாவில் எச்டிஎஸ், டொயோட்டாவில் டெக்ஸ்ட்ரீம், ஃபோக்ஸ்வாகனிலும் ஸ்கோடாவிலும் ஓடிஸ், பிஎம்டபிள்யூவில் இஸ்டா, பென்ஸில் ஸென்ட்ரி. பல பிராண்டு பார்க்கும் வெளி ஒர்க்‌ஷாப்புகளில் லான்ச், ஆட்டெல், பாஷ். இத்தனை பெயரையும் அடுக்கி 'கையாளத் தெரியும்' என்று எழுதுபவர்கள் உண்டு. அதிகாரபூர்வ ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகுவது பெரும்பாலும் அட்வைசர் அல்ல. டெக்னீஷியனோ டயக்னாஸ்டிக் ஆளோதான். மேனேஜருக்கு அது தெரியும். அட்வைசரிடம் அவர் எதிர்பார்ப்பது வேறு: ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்து, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டு, வாடிக்கையாளருக்குப் பொய்யில்லாமல் விளக்குவது.

அதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். "இன்ஜின் லைட் எரியுது, வண்டி உதறுது. ஸ்கேனர்ல P0302 வந்திருக்கு. கஸ்டமர்கிட்ட என்ன சொல்வீங்க?"

"இக்னிஷன் காயில் போயிடுச்சு சார், மாத்தணும்னு சொல்வேன்" என்று ஒருவர் பதில் சொன்னால், அந்தக் கருவிகளின் பட்டியல் முழுவதும் அங்கேயே மதிப்பிழந்துவிடும்.

P0302 என்பதற்கு இரண்டாவது சிலிண்டரில் எரிதல் சரியாக நடக்கவில்லை என்றுதான் பொருள். இடத்தை அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காயிலாக இருக்கலாம், ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், கம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் டெக்னீஷியன் செய்யும் முதல் சோதனை எளிமையானது. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதின் காயிலை இரண்டாவதில் போடுவார். பழைய கோடை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்ப்பார். இப்போது P0303 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது, காயில்தான் குற்றவாளி. மறுபடியும் P0302 வந்தால் காயில் நன்றாகத்தான் இருக்கிறது; அடுத்து பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரெஷன்.

இது தெரிந்த அட்வைசர் வாடிக்கையாளரிடம், "ரெண்டாவது சிலிண்டர்ல பிரச்சினை சார். எந்தப் பார்ட்னு சோதிச்சுட்டு ஒரு மணி நேரத்துல போன் பண்றேன். அதுவரைக்கும் எதையும் மாத்த மாட்டோம்" என்பார். தெரியாதவர் காயிலுக்கு எஸ்டிமேட் போடுவார், காயில் மாறும், வண்டி வெளியே போகும், மூன்றாம் நாள் அதே உதறலோடு திரும்பி வரும். காசு கொடுத்தவருக்கு அது எவ்வளவு எரிச்சல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ரெஸ்யூமில் அந்த வரி இப்படி இருக்கலாம்: 'ஜிடிஎஸ் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்து வாடிக்கையாளருக்கு விளக்குவேன், கோடு படிப்பது, அழிப்பது வரை நானே செய்வேன், புரோகிராமிங் செய்ததில்லை.' கடைசித் துண்டைப் பார்த்து, தெரியாததை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். முன்னால் சொன்ன இரண்டையும் நம்ப வைப்பதே அந்தத் துண்டுதான். மின்சாரக் கார்களுக்கும் இதே நேர்மை வேண்டும். ஹை வோல்ட்டேஜ் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருந்தால் எந்த ஆண்டு, எந்த நிலை என்று எழுதலாம். எலெக்ட்ரிக் வண்டியை ரிசப்ஷனில் வாங்கி வைத்ததோடு சரி என்றால், அதற்கு மேல் எழுதக் கூடாது.

வாடிக்கையாளரைக் கையாளும் திறனை எண்ணால் காட்டுவது கடினம். 'சிறந்த தகவல் தொடர்புத் திறன்' என்று ஆயிரம் ரெஸ்யூம்களில் இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. அதற்குப் பதில், அட்வைசர் எந்த நடைமுறையைக் கடைப்பிடித்தார் என்று சொல்லலாம்.

தினமும் நடக்கும் ஒன்றையே பார்ப்போம். திருச்சி இளைஞரிடம் 40,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு வண்டி பெய்டு சர்வீஸுக்கு வருகிறது. காலையில் சொன்ன எஸ்டிமேட் 7,500 ரூபாய். லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினால் முன் பிரேக் பேடில் மிச்சம் இரண்டு மில்லிமீட்டர்தான். புதிதாக இருக்கும்போது பத்து மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். பேடும் லேபரும் சேர்த்து இன்னும் 3,800 ரூபாய். வாடிக்கையாளர் மீட்டிங்கில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணி. வண்டி நிற்கும் பேயில் அடுத்த வண்டி ஏற வேண்டும்.

இங்கே தவறான வழிகள் இரண்டு. நல்லதுதானே என்று கேட்காமல் மாற்றிவிடுவது ஒன்று. மாலையில் பில் 11,300 என்று வரும். 'யாரைக் கேட்டு மாத்துனீங்க?' என்ற கேள்விக்கு அட்வைசரிடம் பதில் இருக்காது. போன் எடுக்கவில்லையே என்று பேசாமல் விட்டுவிடுவது இன்னொன்று. சில வாரத்தில் பேட் முழுக்கத் தேய்ந்து இரும்பு டிஸ்க்கை அறுக்கும். அப்போது செலவு பல மடங்கு. 'போன மாசம்தானே சர்வீஸ் விட்டேன், அப்போ ஏன் சொல்லல?' என்ற கேள்வியும் நியாயமானதாக இருக்கும்.

சரியான வழி கொஞ்சம் அலைச்சலானது. தேய்ந்த பேடைப் புது பேடுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, விலையோடு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அரை மணி கழித்து மீண்டும் போன் செய்ய வேண்டும். சம்மதம் வந்தால் அந்த நேரத்தை ஜாப் கார்டில் குறித்து எஸ்டிமேட்டைத் திருத்த வேண்டும். கடைசி வரை பதில் வராவிட்டால் பேடை மாற்றாமல், 'முன் பிரேக் பேட் உடனே மாற்ற வேண்டும்' என்று பில்லில் எழுதி, டெலிவரியின்போது நேரில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதை வழக்கமாகவே செய்தவர், 'கூடுதல் வேலை எதுவானாலும் படத்தோடு அனுமதி வாங்கி, கார்டில் நேரம் குறித்த பிறகே தொடங்குவேன்' என்று ரெஸ்யூமில் எழுதலாம். நேர்காணலில் யாராவது துருவினால் சொல்வதற்கு அவரிடம் நிஜ நிகழ்ச்சிகள் இருக்கும்.

மதிப்பெண் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி டெலிவரியான சில நாளில் வாடிக்கையாளருக்கு பிஎஸ்எஃப் எனப்படும் விசாரிப்பு போன் போகும். பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள். அட்வைசரின் சிஎஸ்ஐ ஸ்கோர் இதிலிருந்து வருவதுதான். 'போன் வரும் சார், பத்துன்னு சொல்லிடுங்க' என்று டெலிவரியின்போதே கெஞ்சி வாங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கார் வைத்திருக்கும் பலரும் அதைக் கேட்டிருப்பார்கள். மேனேஜர்களும் அதை அறிவார்கள். ஆகையால் ஸ்கோரைவிட ரிப்பீட் ஜாப் எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம். அதே குறைக்காக அதே வண்டி சில வாரத்துக்குள் திரும்பி வந்தால் அது ரிப்பீட். 280 கார்டில் ஆறு ரிப்பீட் என்றால் நூற்றுக்கு இரண்டுதான். ஸ்கோருக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதியிருக்கும் ரெஸ்யூம் தனியாகத் தெரியும்.

மிஞ்சியிருப்பது டார்கெட். திருச்சி இளைஞரின் பழைய ரெஸ்யூமில் 'மாதம் 7 லட்சம் லேபர்' என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். பொய் இல்லை. ஆனால் அதில் 20 விபத்து வண்டியின் டிங்கரிங், பெயின்ட் கூலி 2,36,000 ரூபாய் கலந்திருக்கிறது. அதைக் கழித்தால் மீதி 4,60,000-க்குக் கொஞ்சம் மேல். அதை 260 வண்டிக்குப் பிரித்தால் வண்டிக்குச் சுமார் 1,785 ரூபாய். இந்தச் சராசரியைத்தான் மேனேஜர் தேடுவார். சின்னக் கார்கள் அதிகம் வரும் ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் லேபர் என்று யாராவது காட்டினால், விபத்து வண்டி கலந்திருக்கிறது, அல்லது வேண்டாத வேலைகளை வாடிக்கையாளர் தலையில் கட்டியிருக்கிறார் என்றுதான் அவர் நினைப்பார். விபத்து வேலையைத் தனி வரியில் பிரித்து எழுதிவிட்டால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

டார்கெட்டில் எதைத் தன் சாதனை என்று சொல்லலாம் என்பதிலும் நிதானம் வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு எத்தனை வண்டி வருகிறது என்பது பெரும்பாலும் டெலிகாலர்கள், சர்வீஸ் கேம்ப், பிராண்டின் விற்பனை ஆகியவற்றின் விளைவு. 'லோடை 30 சதவீதம் உயர்த்தினேன்' என்று ஓர் அட்வைசர் எழுதினால், அது எப்படி அவர் கையில் இருந்தது என்ற கேள்வி வரும். அவர் கையில் உள்ளவை சில: வந்த வண்டியில் எத்தனைக்கு வீல் அலைன்மென்ட் தேவை என்று கண்டு சொன்னார், எத்தனை பேர் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தார்கள், சொன்ன நேரத்தில் எத்தனை வண்டி வெளியே போனது. இவற்றை எழுதலாம்.

சதவீதத்திலும் அப்படித்தான். மாத லேபர் டார்கெட் 5 லட்சம், எட்டியது 4,64,000 என்றால் அது 93 சதவீதம். அதை 100 என்று முழுமையாக்கும் ஆசை வரும். ஆனால் நான்கு ஆண்டும் ஒரு மாதம் விடாமல் 120 சதவீதம் என்று எழுதியிருப்பவரைவிட, 'ஆண்டுச் சராசரி 93. மார்ச்சில் 108' என்று எழுதியிருப்பவரை நம்புவது எளிது. டார்கெட்டை எட்டாத மாதம் இல்லாத ஒர்க்‌ஷாப் கிடையாது. மழை வெள்ளம் வந்த டிசம்பரில் சென்னையில் விபத்துப் பிரிவு நிரம்பி வழியும், வழக்கமான சர்வீஸ் படுத்துவிடும். அந்த ஏற்ற இறக்கம் தெரியும் எண்கள்தான் உண்மையான அறிக்கையிலிருந்து எடுத்தவை.

அந்த எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதும் ஒரு சிக்கல். எல்லாமே டீலரின் டிஎம்எஸ் மென்பொருளில் இருக்கிறது. வேலையை விட்ட மறுநாள் லாகின் போய்விடும். அதனால் மாதாமாதம் தன் கார்டு எண்ணிக்கை, லேபர், ரிப்பீட், ஸ்கோர் ஆகிய நான்கு எண்ணை மட்டும் சொந்த நோட்டில் குறித்து வைத்துக்கொள்பவருக்கு ரெஸ்யூம் எழுதும் நாளில் தடுமாற்றம் இருக்காது. குறிப்பது அவ்வளவோடு நிற்க வேண்டும். டிஎம்எஸ் திரையைப் படம் பிடித்து இணைப்பதும், 'என்னிடம் 2,000 கஸ்டமர் நம்பர் இருக்கிறது' என்று பெருமையாக எழுதுவதும் கடுமையான தவறு. அந்த நம்பர்கள் வாடிக்கையாளர்கள் வேறு காரணத்துக்காக நம்பிக் கொடுத்தவை. இன்று அவற்றைக் கொண்டுவருபவர் நாளை இங்கிருந்தும் எடுத்துக்கொண்டு போவார் என்று எந்த மேனேஜருக்கும் தோன்றும். ஆதாரம் கேட்டால் இன்சென்டிவ் வந்த சம்பளச் சீட்டைக் காட்டலாம். டார்கெட் எட்டிய மாதங்கள் அதிலேயே தெரியும்.

இவ்வளவும் சேர்ந்து ஒரு பக்கம்தான் வரும். திருச்சி இளைஞரின் திருத்திய ரெஸ்யூமில் மேலே பெயர், போன், ஊர், லைசென்ஸ், பேசத் தெரிந்த மொழிகள். சென்னையில் வேலை தேடினால் இந்தி தெரியும் என்ற வரிக்கும் பயன் உண்டு. அடுத்து டீலர்ஷிப் வாரியாகக் காலமும் பிராண்டும், எந்த மாடல்கள் அதிகம் வந்தன என்பதும். அதன் கீழ் 280 கார்டும் அதன் பிரிவும். பிறகு ஸ்கேனர் பற்றிய ஒரு வரி, கூடுதல் வேலைக்கு அனுமதி வாங்கும் முறை பற்றி ஒரு வரி, ரிப்பீட் இரண்டு சதவீதம், லேபர் சராசரி 1,785, விபத்து வேலை தனியாக, டார்கெட் 93. கடைசியாக டிப்ளமோவும் கம்பெனிப் பயிற்சிகளும், ஆண்டோடு. இன்னொரு டீலரிடம் சேர எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் சேர்த்திருக்கிறார். சீட் காலியாக இருக்கும் மேனேஜர் போனில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.